மூலக்கூறின் வடிவமும் பிணைப்புக் கோணமும்: தேர்வில் எந்த வரிசையில் போட வேண்டும்?

பிளஸ் ஒன் மாணவர்களிடம் ClF₃ என்ன வடிவம் என்று கேட்டால், பாதிப் பேர் யோசிக்காமல் "தள முக்கோணம், 120°" என்று எழுதுவார்கள். BF₃-இல் மூன்று ஃப்ளூரின், இதிலும் மூன்று ஃப்ளூரின், அதனால் இரண்டும் ஒன்றுதான் என்று நினைப்பு. VSEPR எனப்படும் வெஸ்பர் கொள்கை தெரியாமல் இப்படி எழுதுவதில்லை. "எலக்ட்ரான் ஜோடிகள் ஒன்றையொன்று விலக்கும்" என்று கேட்டால் சரியாகவே சொல்வார்கள். முதலில் செய்ய வேண்டியதைக் கடைசியில் செய்வதால்தான் தவறு வருகிறது: வடிவத்தை ஊகித்துவிட்டு, அதற்குத் தோதாக லோன் பேரைத் தேடுகிறார்கள்.

சொற்களைப் பற்றி ஒரு வார்த்தை. பாடநூல் "தனித்த இரட்டை எலக்ட்ரான்கள்" என்று சொல்கிறது. "இரட்டைப் பிணைப்பு" என்ற சொல்லும் பக்கத்திலேயே வருவதால் குழப்பம் உண்டாகிறது. வகுப்பில் எல்லோரும் சொல்வதுபோல இங்கே "லோன் பேர்" என்றே எழுதுகிறேன். தமிழ்வழியில் விடை எழுதுகிறவர்கள் பாடநூல் சொல்லையே எழுதுங்கள்.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

முதலாவது, p தொகுதித் தனிமங்களின் வெளிக்கூட்டில் எத்தனை எலக்ட்ரான்கள் என்பது. போரானுக்கு 3, கார்பனுக்கு 4, நைட்ரஜன், பாஸ்பரஸுக்கு 5, ஆக்சிஜன், சல்ஃபருக்கு 6, ஹாலஜன்களுக்கு 7, செனானுக்கு 8. இதில் தடுமாறினால் அடுத்து வரும் எதுவும் சரியாக அமையாது.

இரண்டாவது, ஐந்து அடிப்படை அமைப்புகள் கண்ணுக்குள் தெரிய வேண்டும். 2 ஜோடி என்றால் நேர்கோடு, 3 என்றால் தள முக்கோணம், 4 என்றால் நான்முகி, 5 என்றால் முக்கோண இருபிரமிடு, 6 என்றால் எண்முகி. படத்தைப் பார்த்து மனப்பாடம் செய்வதைவிட, ஒரு உருளைக்கிழங்கில் ஐந்து தீக்குச்சிகளை ஒன்றுக்கொன்று எவ்வளவு தள்ளிக் குத்த முடியுமோ அவ்வளவு தள்ளிக் குத்திப் பாருங்கள். மற்ற நான்கு அமைப்புகளையும் தாளிலேயே கற்பனை செய்துவிடலாம். ஐந்து ஜோடிக்கு மட்டும் கிழங்கு தேவைப்படும். ஏன் என்பது 4-ஆம் பகுதியில் புரியும்.

2. மைய அணுவைப் பிடித்து, ஜோடிகளை எண்ணுங்கள்

மைய அணு பெரும்பாலும் ஒன்றே ஒன்றாக இருக்கும் அணுதான். ஹைட்ரஜன் ஒருபோதும் மையத்தில் இருக்காது. பொதுவாக எலக்ட்ரான் கவர்தன்மை குறைந்தது நடுவில் நிற்கும். OF₂-இல் ஆக்சிஜன் நடுவில் இருப்பதற்குக் காரணம் இதுதான்.

அடுத்தது கணக்கு. முழு லூயிஸ் அமைப்பையும் வரைந்து எண்ணலாம். நேரம் குறைவாக இருந்தால் இந்தக் குறுக்கு வழி போதும்:

ஜோடிகள் = (மைய அணுவின் வெளிக்கூட்டு எலக்ட்ரான்கள் + சுற்றியுள்ள H, ஹாலஜன் அணுக்களின் எண்ணிக்கை − நேர்மின்சுமை + எதிர்மின்சுமை) ÷ 2

முனையில் நிற்கும் ஆக்சிஜனுக்குப் பூஜ்யம் போட வேண்டும். இங்கேதான் நிறையப் பேர் சறுக்குகிறார்கள். ஆக்சிஜனுக்கு இரண்டு எலக்ட்ரான் தேவை. மைய அணு தன்னிடமிருக்கும் ஒரு ஜோடியையே அதற்குப் பிணைப்பாகக் கொடுத்துவிடுகிறது என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஆக்சிஜன் தரப்பிலிருந்து மையத்துக்குக் கூடுதலாக எதுவும் வருவதில்லை. இரட்டைப் பிணைப்பாக வரைந்தாலும் அதிலுள்ள இரண்டு ஜோடிகளும் ஒரே திசையில்தான் இருக்கின்றன. எனவே வடிவத்தைப் பொறுத்தவரை அது ஒரே ஒரு ஜோடி. SO₂-க்கு 6 ÷ 2 = 3. CO₂-க்கு 4 ÷ 2 = 2. முதலாவது வளைந்தும் இரண்டாவது நேர்கோடாகவும் இருப்பது இந்த எண்களிலேயே தெரிந்துவிடுகிறது.

OH தொகுதி மைய அணுவோடு ஆக்சிஜன் வழியே இணைந்திருந்தால் அதை ஹாலஜன் போல ஒன்று என்று எண்ணுங்கள். HCN-இல் முனையில் நிற்கும் நைட்ரஜனுக்கு இந்தக் குறுக்கு வழி ஒத்துவராது. அங்கே லூயிஸ் அமைப்பு வரைவதுதான் பாதுகாப்பு.

மின்சுமையின் குறி இன்னொரு பொறி. எதிர்மின் அயனி என்றால் எலக்ட்ரான் கூடியிருக்கிறது, எனவே கூட்ட வேண்டும். கழித்தல் குறியைப் பார்த்ததும் கை தானாகக் கழித்துவிடும். NO₂⁺, NO₂, NO₂⁻ மூன்றையும் வரிசையாகப் போட்டுப் பழகினால் அந்தப் பழக்கம் போய்விடும்.

NO₂⁺: (5 − 1) ÷ 2 = 2. நேர்கோடு, 180°.
NO₂⁻: (5 + 1) ÷ 2 = 3. இரண்டு பிணைப்பு, ஒரு லோன் பேர். கோணம் ஏறத்தாழ 115°.
NO₂: 5 ÷ 2 = 2.5. அரை ஜோடிக்கும் ஓர் இடம் வேண்டும், எனவே 3 என்று எடுத்துக்கொள்கிறோம். ஆனால் அங்கே இருப்பது ஒற்றை எலக்ட்ரான். முழு ஜோடி தள்ளுகிற அளவுக்கு அது தள்ளாது. அதனால் கோணம் 134° வரை விரிந்திருக்கிறது.

ஆக, ஒவ்வொரு எலக்ட்ரானாகச் சேரச் சேரக் கோணம் 180, 134, 115 என்று சுருங்குகிறது. இந்த மூன்றையும் வரிசைப்படுத்தச் சொல்லும் கேள்வியில் எண்களை ஞாபகம் வைத்திருக்கத் தேவையில்லை. ஜோடியை எண்ணினாலே போதும்.

3. லோன் பேரைக் கழித்து எடுங்கள்

மொத்த ஜோடியிலிருந்து சுற்றியுள்ள அணுக்களின் எண்ணிக்கையைக் கழித்தால் மீதி லோன் பேர். இதில் ஆக்சிஜனையும் சேர்த்து எண்ண வேண்டும். முந்தைய படியில் அதற்குப் பூஜ்யம் போட்ட ஞாபகத்தில் இங்கேயும் விட்டுவிடுகிறவர்கள் உண்டு. XeOF₄-ஐப் பாருங்கள்: (8 + 4) ÷ 2 = 6 ஜோடிகள். சுற்றியுள்ள அணுக்கள் ஐந்து, லோன் பேர் ஒன்று. ஆக்சிஜனை விட்டால் இரண்டு என்று வந்து, சதுரப் பிரமிடு சதுரத் தளமாகிவிடும்.

இன்னொன்று. கேள்வி "மைய அணுவிலுள்ள லோன் பேர்" என்று கேட்கிறதா, "மூலக்கூறிலுள்ள மொத்த லோன் பேர்" என்று கேட்கிறதா என்று பாருங்கள். XeF₂-இல் செனான் மேல் இருப்பது 3. ஒவ்வொரு ஃப்ளூரினிலும் மூன்று மூன்று இருப்பதால் மொத்தம் 9. இரண்டு எண்களும் விடைப் பட்டியலில் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும்!

4. லோன் பேர் எங்கே உட்காரும்? ClF₃-ஐ முழுமையாகப் போட்டுப் பார்ப்போம்

இந்தப் படியைப் பலர் தாண்டிப் போய்விடுகிறார்கள். நான்கு ஜோடி வரை அதனால் நட்டமில்லை, ஏனென்றால் எல்லா இடங்களும் ஒன்றுபோலவே இருக்கின்றன. லோன் பேரை எங்கே வைத்தாலும் அதே வடிவம்தான். ஐந்து ஜோடி வந்ததும் கதை மாறுகிறது.

தீக்குச்சி குத்திய கிழங்கை எடுங்கள். மேலே ஒன்று, கீழே ஒன்று: இவை அச்சு இடங்கள். நடுவில் இடுப்பைச் சுற்றி மூன்று: இவற்றை நடுவட்ட இடங்கள் என்று சொல்லிக்கொள்வோம். நடுவட்டத்தில் இருக்கிற மூன்றும் தங்களுக்குள் 120° தள்ளி நிற்கின்றன. மேலே இருப்பதோ அந்த மூன்றையுமே 90°-இல் சந்திக்கிறது. அதாவது அச்சு இடத்துக்கு நெருக்கமான அண்டை வீட்டார் மூன்று பேர், நடுவட்ட இடத்துக்கு இரண்டே பேர். லோன் பேர் மைய அணுவோடு ஒட்டி, பரந்து கிடப்பது. அதற்கு இடம் தாராளமாக வேண்டும். அதனால் நடுவட்டத்துக்குப் போகிறது.

"நடுவட்டத்துக்குப் போகும்" என்பதை மட்டும் மனப்பாடம் செய்தால் கூற்று-காரணம் வகைக் கேள்வியில் மாட்டிக்கொள்வீர்கள். ClF₃-இல் அதை எண்ணியே பார்த்துவிடலாம். ஜோடிகள் (7 + 3) ÷ 2 = 5. மூன்று பிணைப்பு, இரண்டு லோன் பேர். இந்த இரண்டு லோன் பேரையும் வைக்க மூன்று வழிகள் உண்டு. ஒவ்வொன்றிலும் 90°-இல் யார் யாரைச் சந்திக்கிறார்கள் என்று எண்ணுவோம். 120°-இல் இருப்பவர்களின் விலக்கம் மிகவும் குறைவு, அதை விட்டுவிடலாம்.

முதல் வழி, இரண்டு லோன் பேரும் அச்சில். நடுவட்டத்தில் மூன்று ஃப்ளூரின். மாணவர்கள் ஊகிக்கும் அந்தத் தள முக்கோணம் இதுதான். இங்கே ஒவ்வொரு லோன் பேரும் மூன்று ஃப்ளூரின் பிணைப்பை 90°-இல் சந்திக்கிறது: லோன் பேருக்கும் பிணைப்பு ஜோடிக்கும் இடையே 6 மோதல்.

இரண்டாவது வழி, ஒன்று அச்சில், ஒன்று நடுவட்டத்தில். லோன் பேரும் லோன் பேரும் 90°-இல் நேருக்கு நேர் 1, லோன் பேருக்கும் பிணைப்புக்கும் 3, பிணைப்புகளுக்குள் 2. ஆக மொத்தம் அதே 6 தான். ஆனால் இரண்டு லோன் பேர் 90°-இல் சந்திப்பதுதான் எல்லாவற்றிலும் கடுமையான மோதல். அதனால் இந்த வழி முதலிலேயே அடிபட்டுப் போகிறது.

மூன்றாவது வழி, இரண்டும் நடுவட்டத்தில். லோன் பேர்கள் தங்களுக்குள் 120° தள்ளியிருப்பதால் அங்கே மோதல் இல்லை. லோன் பேருக்கும் பிணைப்புக்கும் 4, பிணைப்புகளுக்குள் 2. முதல் வழியின் 6 லோன் பேர் மோதலோடு ஒப்பிட்டால் இங்கே 4 மட்டும். மீதி இரண்டு, இருப்பதிலேயே மென்மையான பிணைப்பு-பிணைப்பு மோதல். எனவே இதுதான் விடை.

இப்போது அணுக்களை மட்டும் பாருங்கள். மேலே ஒரு ஃப்ளூரின், கீழே ஒரு ஃப்ளூரின், பக்கவாட்டில் ஒன்று. குளோரின் நடுவில். படுத்திருக்கும் ஒரு T எழுத்து. லோன் பேர் இரண்டும் ஒரு பக்கமாக இருந்து மேல், கீழ் ஃப்ளூரின்களை மூன்றாவதன் பக்கம் லேசாகத் தள்ளுவதால், கோணம் 90° ஆக இல்லாமல் 87.5° ஆக இருக்கிறது. பிணைப்பு நீளமும் இதே கதையைத்தான் சொல்கிறது: நெருக்கடி அதிகமான அச்சுப் பிணைப்புகள் சுமார் 170 பிகோமீட்டர், பக்கவாட்டுப் பிணைப்பு சுமார் 160.

இதைப் புரிந்துகொண்டால் ஐந்து ஜோடிக் குடும்பத்தின் மற்றவை தாமாக வரும். SF₄-இல் ஒரு லோன் பேர் நடுவட்டத்தில், வடிவம் சீசா. XeF₂, I₃⁻ இரண்டிலும் மூன்று லோன் பேரும் நடுவட்டத்தை நிரப்பிவிட, அச்சில் இரண்டு அணுக்கள், வடிவம் நேர்கோடு.

ஆறு ஜோடியில் இவ்வளவு யோசனை வேண்டாம். முதல் லோன் பேர் எங்கே உட்கார்ந்தாலும் ஒன்றுதான். BrF₅ சதுரப் பிரமிடு. இரண்டாவது லோன் பேர் முதலாவதற்கு நேர் எதிரே போய் உட்காரும். XeF₄ சதுரத் தளம். எதிரெதிரே இழுபறி சமமாக இருப்பதால் XeF₄-இல் கோணம் சரியாக 90°. BrF₅-இல் லோன் பேர் ஒரு பக்கம் மட்டும் இருப்பதால் கோணம் 90°-க்குக் கொஞ்சம் கீழே இறங்கிவிடுகிறது.

5. பெயரை எழுதும்போது அணுக்களை மட்டும் பாருங்கள்

ஜோடிகளின் அமைப்பு வேறு, மூலக்கூறின் வடிவம் வேறு. தண்ணீரில் ஜோடிகள் நான்முகியாக நிற்கின்றன. மூலக்கூறின் வடிவம் வளைந்தது. அம்மோனியாவில் ஜோடிகள் நான்முகி; மூலக்கூறு முக்கோணப் பிரமிடு. "NH₃ நான்முகி" என்று எழுதியிருந்தால் திருத்துகிறவர் மதிப்பெண் போட மாட்டார், நீங்கள் நினைத்தது சரியாகவே இருந்திருந்தாலும்.

இனக்கலப்பு கேட்டால் மட்டும் மொத்த ஜோடிக்குத் திரும்பிப் போங்கள். I₃⁻ நேர்கோடாக இருக்கிறதே என்று sp போட்டுவிடுவார்கள். ஐந்து ஜோடி என்பதால் பாடநூல் கணக்கில் அது sp³d.

6. கோணத்தைக் கணிக்கும் வரிசை

முதலில் அடிப்படை அமைப்பின் கோணத்தை எழுதுங்கள். பிறகு அது கூடுமா குறையுமா என்று மட்டும் பாருங்கள். வெஸ்பர் கொள்கை சொல்வது திசையைத்தான், துல்லியமான எண்ணை அல்ல. CH₄ 109.5°, NH₃ 107°, H₂O 104.5° என்ற வரிசையில், ஒவ்வொரு லோன் பேருக்கும் ஏறத்தாழ 2.5° குறைகிறதே என்று அதையே விதியாக்கிவிடுகிறார்கள். அது இந்த மூன்றுக்கு மட்டும் அமைந்த பொருத்தம். H₂S-க்கு அதே கணக்கைப் போட்டால் 104.5 வரும், உண்மையில் அது சுமார் 92°.

இரட்டைப் பிணைப்பு இருந்தால் அதுவும் லோன் பேர் மாதிரி கொஞ்சம் தள்ளும், எலக்ட்ரான் அடர்த்தி அங்கே அதிகம் என்பதால். COCl₂-இல் ஆக்சிஜன் பக்கக் கோணம் 124° வரை விரிய, இரண்டு குளோரினுக்கும் இடையில் 112° ஆகச் சுருங்குகிறது. ஜோடியை எண்ணும்போது இரட்டைப் பிணைப்பு ஒன்றுதான். தள்ளும் பலத்தில் மட்டும் அது கூடுதல். இந்த இரண்டையும் கலந்துவிடாதீர்கள்.

7. "ஏறுவரிசையில் எழுது" என்று வந்தால்

PH₃, H₂O, NH₃, BF₃, CO₂ என்று ஐந்தைக் கொடுத்துப் பிணைப்புக் கோணத்தின் ஏறுவரிசை கேட்கிறார்கள் என்று வையுங்கள். மொத்த ஜோடியை முதலில் பாருங்கள். CO₂-க்கு 2, BF₃-க்கு 3. இவை 180°, 120° என்று மேல் முனையில் போய் நின்றுவிடும். மற்ற மூன்றுக்கும் 4 ஜோடி.

இப்போது லோன் பேரை எண்ணினால் NH₃, PH₃ இரண்டுக்கும் ஒன்று, H₂O-வுக்கு இரண்டு. எனவே தண்ணீர்தான் கடைசி என்று எழுதத் தோன்றும். தவறு. PH₃-இன் கோணம் 93.5°, தண்ணீரைவிடக் குறைவு. சரியான வரிசை PH₃ < H₂O < NH₃ < BF₃ < CO₂.

லோன் பேர் எண்ணிக்கையை வைத்து ஒப்பிடுவது, மைய அணுக்கள் ஒரே வரிசையில் இருக்கும்போதுதான் நம்பகமானது. C, N, O பக்கத்துப் பக்கத்து அணுக்கள், ஏறத்தாழ ஒரே அளவு. பாஸ்பரஸ் அடுத்த வரிசை. அணு பெரிது, எலக்ட்ரான் கவர்தன்மையும் குறைவு. பிணைப்பு ஜோடிகள் மையத்திலிருந்து தூரமாக இருப்பதால் ஒன்றையொன்று அவ்வளவாகத் தள்ளுவதில்லை. லோன் பேர் அமுக்குகிற அளவுக்கு அமுங்கிக் கொடுக்கின்றன. எனவே மூன்றாம் வரிசையோ அதற்குக் கீழோ இருக்கும் அணுவின் ஹைட்ரைடு, மைய அணுவில் லோன் பேரோடு தென்பட்டால், எத்தனை லோன் பேர் என்று ஒப்பிடும் முன்பே அதைக் கோணம் 90 பக்கம் இருக்கும் கூட்டத்தில் தனியாக ஒதுக்கி வையுங்கள்.

மைய அணுவும் லோன் பேர் எண்ணிக்கையும் ஒரே மாதிரி என்றால் கடைசியாக முனை அணுவைப் பாருங்கள். NF₃-இல் ஃப்ளூரின் பிணைப்பு ஜோடியைத் தன் பக்கம் இழுத்துக்கொள்கிறது. மையத்தருகே நெருக்கம் குறைகிறது. கோணம் 102°-க்கு இறங்குகிறது. NH₃-இல் 107°.

8. எங்கே இந்த முறை கைவிடும்

முனை அணு விதியைப் பாஸ்பரஸுக்குப் போட்டால் PF₃-இன் கோணம் PH₃-ஐவிடக் குறைய வேண்டும். நடப்பது தலைகீழ்: PF₃ சுமார் 98°, PH₃ 93.5°. ஃப்ளூரின் தன் லோன் பேரைப் பாஸ்பரஸ் பக்கம் கொஞ்சம் கொடுத்துப் பிணைப்பை வலுவாக்குகிறது என்பது வழக்கமாகச் சொல்லும் விளக்கம். Cl₂O-வும் ஒரு முரடு. இரண்டு லோன் பேர் இருந்தும் அதன் கோணம் சுமார் 111°, நான்முகிக் கோணத்தையே தாண்டிவிடுகிறது. பெரிய குளோரின்கள் இரண்டும் ஒன்றையொன்று தள்ளுகின்றன. நுழைவுத் தேர்வுக் கேள்விகளில் இந்த இரண்டும் விதிவிலக்காகவே வரும், தனியாக ஒரு வரியில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

இடைநிலைத் தனிமங்களின் அணைவுச் சேர்மங்களுக்கு இந்தக் கணக்கையே போடாதீர்கள். [NiCl₄]²⁻ நான்முகி, [Ni(CN)₄]²⁻ சதுரத் தளம். இரண்டிலும் அதே நிக்கல், அதே நான்கு பிணைப்பு. அங்கே வடிவத்தை d எலக்ட்ரான்கள் தீர்மானிக்கின்றன. ஜோடிகளை எண்ணி அதைப் பிடிக்க முடியாது.

9. தாளில் எவ்வளவு எழுதுவது

நீட் மாதிரித் தேர்வில் ஒரு கேள்விக்குச் சராசரியாக ஒரு நிமிடம்தான். எண்ணிக்கை வரியை மட்டும் ஓரத்தில் எழுதுங்கள்: "ClF₃: 5, 3+2, T". இதற்குப் பத்து விநாடி போதும். "ஒரே வடிவம் கொண்ட இணை எது" என்ற கேள்வியில் எட்டுச் சேர்மங்கள் இருந்தாலும், இப்படி எட்டுச் சிறு வரிகள் எழுதிவிட்டால் 3+2-க்கு ஜோடி 3+2 என்று கண்ணே கண்டுபிடித்துவிடும். மனத்திலேயே போட்டால் நான்காவது சேர்மத்தில் முதலாவது மறந்துவிடுகிறது.

பிளஸ் ஒன் தேர்வில் மூன்று மதிப்பெண் கேள்வியாக வந்தால் வேறு மாதிரி. எண்ணிக்கை, லோன் பேர் இருக்கும் இடம், வடிவத்தின் பெயர், கோணம், அது ஏன் குறைந்தது என்ற ஒரு வரிக் காரணம், இந்த வரிசையில் எழுதி, பக்கத்தில் படம் போடுங்கள். படத்தில் லோன் பேரை இரண்டு புள்ளிகளாகக் காட்டுங்கள். என்னிடம் வரும் விடைத்தாள்களில் பெரும்பாலும் விட்டுப்போவது அந்த இரண்டு புள்ளிதான். அவை இல்லாவிட்டால் ClF₃ ஏன் T ஆனது என்பதற்குப் படத்தில் ஆதாரமே இருக்காது.